ஆறு மணிக்கு யார் கேட்டது?

திருப்பூரில் ஒரு பின்னலாடை ஏற்றுமதி நிறுவனம். கட்டிங்கில் எத்தனை பீஸ், தையலில் எத்தனை, செக்கிங் முடிந்தது எத்தனை, பேக்கிங்கில் இன்னும் எத்தனை பாக்கி என்று ஆர்டர் வாரியாகக் காட்டும் ரிப்போர்ட் ஒன்று அங்கே உண்டு. கணக்கெல்லாம் ஃபேக்டரிக்குள் இருக்கும் சர்வரில் பதிவாகிறது. ரிப்போர்ட் மட்டும் பவர் பிஐ என்ற மைக்ரோசாஃப்ட் சேவையில், கிளவுடில் இருக்கிறது. தினமும் காலை ஆறு மணிக்கு அது தானாகவே ஃபேக்டரி சர்வரிலிருந்து புதுக் கணக்கை எடுத்துக்கொள்ள வேண்டும். இதைத்தான் ஷெட்யூல்டு ரெஃப்ரெஷ் என்கிறார்கள். ஒன்பது மணிக்கு முதலாளியும் மெர்ச்சண்டைசர்களும் செல்போனில் அதைப் பார்த்துவிட்டுத்தான் அன்றைய வேலையைப் பிரிப்பார்கள்.

ஒரு சனிக்கிழமை மாலை, ஒரு ஆர்டரில் 3,400 பீஸ் பேக்கிங் பாக்கி என்று ரிப்போர்ட் காட்டியது. மெர்ச்சண்டைசர் பதறிப்போய் ஞாயிற்றுக்கிழமைக்கு ஓவர்டைம் ஆள் சொல்லிவிட்டார். இருபது பேர் காலையில் வந்து நின்றார்கள். பேக் செய்ய ஒன்றும் இல்லை. அந்த ஆர்டர் வெள்ளிக்கிழமையே பெட்டியில் ஏறிவிட்டது. ரிப்போர்ட் காட்டிக்கொண்டிருந்தது புதன்கிழமைக் கணக்கு.

இந்தக் கோளாறில் எனக்கு மிகவும் கவலை தருவது இதுதான். ரெஃப்ரெஷ் தோற்றுப்போனால் ரிப்போர்ட் வெறுமையாகிவிடுவதில்லை, பார்ப்பவர் கண்ணில் படும்படி சிவப்பில் எச்சரிக்கை எதுவும் வருவதும் இல்லை. கடைசியாக வெற்றிகரமாக எடுத்த கணக்கை அப்படியே வைத்துக்கொண்டு அதே வண்ணங்களில், அதே அழகோடு காட்டிக்கொண்டிருக்கும். பார்ப்பவர் அதை இன்றைய கணக்கு என்றுதான் நம்புவார்.

என்னை அழைத்தது செவ்வாய்க்கிழமை. இடைப்பட்ட திங்களன்று அங்கே ஒரு பழுதுபார்ப்பும் நடந்து முடிந்திருந்தது. அதையும் சொல்ல வேண்டும், ஏனென்றால் பாதிச் சிக்கல் அதில்தான் பிறந்தது. அதற்கு முன் அந்த ஆறு மணி ரெஃப்ரெஷ் எப்படி நடக்கிறது என்பதைப் பார்த்துவிடலாம்.

ரிப்போர்ட்டைத் தயாரிப்பவர் தன் கம்ப்யூட்டரில் பவர் பிஐ டெஸ்க்டாப் என்ற மென்பொருளில் தயாரிக்கிறார். சர்வர் பெயரைக் கொடுக்கிறார், யூசர் பெயரும் பாஸ்வேர்டும் கொடுக்கிறார், கணக்கு வந்து இறங்குகிறது. பிறகு அதைக் கிளவுடில் பப்ளிஷ் செய்கிறார். அப்போது ரிப்போர்ட்டின் வடிவம் போகிறது, அதுவரை எடுத்த கணக்கும் போகிறது. பாஸ்வேர்டு மட்டும் போகாது. அது அவருடைய கம்ப்யூட்டரிலேயே தங்கிவிடும். பாதுகாப்புக்காக வேண்டுமென்றே அப்படிச் செய்திருக்கிறார்கள். ஆகவே, தயாரித்தவரின் கம்ப்யூட்டரில் பிசகில்லாமல் ஓடுகிறது என்பது ஆறு மணிக்கு என்ன நடக்கும் என்பதற்கு எந்த உத்தரவாதமும் இல்லை. ஆறு மணிக்கு சர்வரிடம் கணக்கு கேட்பவர் அவர் அல்ல. கேட்கும் இடம் வேறு, காட்டும் சாவியும் வேறு.

அப்படியானால் யார் கேட்கிறார்கள்? கிளவுடிலிருந்து நேராக ஃபேக்டரிக்குள் நுழைய முடியாது, நுழையவும் விடக் கூடாது. அதனால் ஃபேக்டரிக்குள்ளேயே ஒரு கம்ப்யூட்டரில் கேட்வே என்ற சிறு மென்பொருளை நிறுவுகிறார்கள். அது விண்டோஸில் ஒரு சர்வீஸாகப் பின்னணியில் ஓடிக்கொண்டிருக்கும். அதை வாயிற்காவலர் என்று நினைத்துக்கொள்ளலாம், ஒரு வித்தியாசத்தோடு. வெளியிலிருந்து யாரும் அவரைக் கூப்பிட முடியாது. அவர்தான் வெளியே கிளவுடுக்குப் போன் போட்டு, லைனைத் துண்டிக்காமல் வைத்துக்கொண்டிருப்பார். ஆறு மணிக்கு அந்த லைனில் ‘இன்ன சர்வர், இன்ன டேட்டாபேஸ், இந்தக் கணக்கு வேண்டும்’ என்று உத்தரவு வரும். கேட்வே உள்ளே போய்க் கேட்டு, கிடைத்ததை அனுப்பிவைக்கும். இதற்காக ஃபேக்டரியின் ஃபயர்வாலில் உள்வரும் வழி ஒன்றையும் திறக்க வேண்டியதில்லை. வெளியே போகும் வழி திறந்திருந்தால் போதும்.

சர்வர் கதவைத் திறக்கும் பாஸ்வேர்டையும் கேட்வேக்குத் தனியாகக் கொடுத்து வைக்க வேண்டும். கிளவுடின் அமைப்புப் பக்கத்தில் ஒரு இணைப்பை உருவாக்கி, சர்வர் பெயர், டேட்டாபேஸ் பெயர், யூசர் பெயர், பாஸ்வேர்டு நான்கையும் அதில் எழுதுகிறோம். அந்தப் பாஸ்வேர்டு பூட்டப்பட்ட வடிவத்தில் கிளவுடில் இருக்கும், திறக்கும் சாவி கேட்வே இருக்கும் கம்ப்யூட்டரில் மட்டுமே இருக்கும். கேட்வேயை முதன்முதலில் நிறுவும்போது ‘ரெகவரி கீ’ என்று ஒன்றை நம்மையே உருவாக்கச் சொல்லும். அதைப் பத்திரமாக எழுதி வைக்க வேண்டும். நாளை அந்தக் கம்ப்யூட்டர் பழுதாகி, கேட்வேயை வேறொன்றுக்கு மாற்ற நேர்ந்தால் அது இல்லாமல் முடியாது. தொலைந்துவிட்டால் மைக்ரோசாஃப்ட்டாலும் அதை மீட்டுத் தர முடியாது. புது கேட்வே நிறுவி, எல்லா இணைப்புகளையும் பாஸ்வேர்டுகளையும் முதலிலிருந்து பதிய வேண்டியதுதான்.

இனி அந்தச் செவ்வாய்க்கிழமைக்கு வருகிறேன்.

“சார், நேத்து நல்லாத்தானுங்க இருந்துச்சு. தம்பிதான் சரி பண்ணிக் குடுத்தாப்ல. இன்னைக்குக் காலைல பாத்தா மறுபடியும் நேத்துக் கணக்கே நிக்குதுங்க” என்றார் புதிதாகப் பொறுப்பேற்றிருந்த ஐ.டி. மேலாளர். பழைய மேலாளர் போன வாரம் வேலையை விட்டுப் போயிருந்தார்.

கிளவுடில் அந்த ரிப்போர்ட்டின் அமைப்புப் பக்கத்தில் `Refresh history` என்று ஒரு பட்டியல் இருக்கும். முதலில் பார்க்க வேண்டியது அதைத்தான். பலர் கடைசி வரியை மட்டும் பார்த்துவிட்டு மூடிவிடுகிறார்கள். முதன்முதலில் எப்போது தோற்றது என்று தேடிப் பின்னால் போக வேண்டும், ஏனென்றால் அதற்கு முந்தைய நாளில் என்ன மாறியது என்பதில்தான் விடை இருக்கிறது. இங்கே வியாழன், வெள்ளி, சனி, ஞாயிறு நான்கு நாளும் தோல்வி. திங்களும் செவ்வாயும் முயற்சியே நடக்கவில்லை. தோல்வியின் விவரத்தைத் திறந்தால், நீண்ட செய்தியின் நடுவில் இந்த வரி இருந்தது:

```
Login failed for user 'rpt_reader'.
```

பாஸ்வேர்டு விஷயம் என்று இதிலேயே தெரிகிறது. ஆனாலும் நான் இதோடு நிற்பதில்லை. சர்வர் பக்கம் போய், கதவைத் தட்டியவர் யார் என்று அதன் வாயாலேயே கேட்பேன். எஸ்கியூஎல் சர்வர் தோற்றுப்போன லாகின்களைத் தன் பிழைக் குறிப்பேட்டில் வழக்கமாகவே எழுதி வைக்கும். வியாழன் காலை ஆறு மணியை ஒட்டி இப்படி இருந்தது:

```
Error: 18456, Severity: 14, State: 8.
Login failed for user 'rpt_reader'.
Reason: Password did not match that for the login provided.
[CLIENT: 192.168.10.21]
```

கிளவுடு சொல்லாத இரண்டு செய்திகள் இதில் உண்டு. ‘ஸ்டேட் 8’ என்றால் அப்படி ஒரு யூசர் இருக்கிறார், பாஸ்வேர்டுதான் பொருந்தவில்லை. ‘ஸ்டேட் 5’ என்று இருந்திருந்தால் அந்தப் பெயரில் யூசரே இல்லை என்று பொருள், யாரோ அழித்திருப்பார்கள். இரண்டாவது, தட்டியது 10.21 என்ற முகவரியிலிருக்கும் கம்ப்யூட்டர், அதாவது கேட்வே ஓடும் கம்ப்யூட்டர். ஆக, கேட்வே உயிரோடு இருக்கிறது, கிளவுடின் உத்தரவு அதற்கு வந்து சேர்ந்திருக்கிறது, அது சர்வர் வாசல் வரைக்கும் போயிருக்கிறது, சாவிதான் சேரவில்லை. இந்தக் குறிப்பேட்டில் அந்த நேரத்தில் ஒரு வரியும் இல்லாதிருந்தால் நான் பாஸ்வேர்டைத் தொட்டே இருக்க மாட்டேன். தட்டவே இல்லை என்றால் கோளாறு வாசலுக்கு முன்னாலேயே எங்கோ இருக்கிறது. கேட்வே கம்ப்யூட்டரை யாராவது அணைத்திருப்பார்கள், அது தூக்க நிலைக்குப் போயிருக்கும், இணையம் போயிருக்கும், அல்லது ஃபயர்வாலில் வெளியே போகும் வழியை அடைத்திருப்பார்கள். அப்படிப்பட்ட வேளையில் கிளவுடின் செய்தியும் லாகினைப் பற்றிப் பேசாது, கேட்வேயை எட்ட முடியவில்லை என்றே சொல்லும். இந்த ஒரு பிரிவைத் தெரிந்துகொண்டால் பாதி நாள் மிச்சம்.

“புதன்கிழமை சாயங்காலம் எதாச்சும் மாத்துனீங்களா?” என்று கேட்டேன்.

“எல்லா பாஸ்வேர்டையும் மாத்துனேனுங்க. பழைய ஆள் போயிட்டாருங்களே.”

அவர் செய்தது முழுக்கச் சரி. பாஸ்வேர்டுகளைத் தெரிந்த ஒருவர் வேலையை விட்டுப் போனால் அன்றைக்கே மாற்றத்தான் வேண்டும். ஆனால் `rpt_reader` என்ற அந்தப் பெயரின் பாஸ்வேர்டு இன்னொரு இடத்திலும், கேட்வே இணைப்பிலும், பதிந்து கிடக்கிறது என்பதை அவருக்கு யாரும் சொல்லவில்லை. ஒப்படைத்த காகிதத்தில் அது இல்லை.

தோற்றதும் மின்னஞ்சல் வருமே என்று கேட்கலாம். வந்தது. ஆனால் அது ரிப்போர்ட்டின் உரிமையாளருக்குத்தான் வரும். உரிமையாளர் என்று பதிவாகியிருந்தவர் அதை உருவாக்கிய பெண். அவர் இப்போது அதே நிறுவனத்தின் சென்னை அலுவலகத்தில் வேறு வேலை பார்க்கிறார். தானாக வரும் அறிவிப்புகளை எல்லாம் தனி ஃபோல்டருக்குத் தள்ளிவிட்டிருந்தார். நான்கு மின்னஞ்சல்களும் அங்கே திறக்காமல் கிடந்தன. அமைப்புப் பக்கத்தில் வேறு ஆட்களின் முகவரியையும் சேர்க்க இடம் இருக்கிறது. அதை யாரும் நிரப்பவில்லை.

இனி, திங்கட்கிழமை தம்பி செய்தது. ஓவர்டைம் விவகாரம் வெடித்ததும் அவர் ரிப்போர்ட் கோப்பைத் தன் லேப்டாப்பில் திறந்தார். சர்வர் பெயரில் இணைப்புக் கிடைக்காததால், அதற்குப் பதிலாக அதன் ஐ.பி. எண்ணைப் போட்டார். மேலாளர் சொன்ன புதுப் பாஸ்வேர்டைக் கொடுத்தார். கணக்கு வந்தது. பப்ளிஷ் செய்தார். எல்லோர் செல்போனிலும் திங்கட்கிழமைக் கணக்கு வந்து நின்றது. ‘சரியாயிடுச்சு’ என்று கலைந்துவிட்டார்கள். உண்மையில் அன்று ரெஃப்ரெஷ் எதுவும் நடக்கவில்லை. அவர் லேப்டாப்பில் எடுத்த கணக்கு, பப்ளிஷ் செய்யும்போது கூடவே போயிருந்தது, அவ்வளவுதான்.

போனதோடு இன்னொரு சிக்கலையும் விட்டுவிட்டுப் போயிருந்தது. ரிப்போர்ட்டின் உள்ளே முன்பு இப்படி இருந்தது:

```
Sql.Database("FACTSRV", "ProdDB")
```

இப்போது இப்படி:

```
Sql.Database("192.168.10.5", "ProdDB")
```

இரண்டும் ஒரே சர்வர்தான். மனிதருக்கு அது தெரியும், கிளவுடுக்குத் தெரியாது. அது தன்னிடம் பதிவாகியிருக்கும் கேட்வே இணைப்புகளில் எது இந்த ரிப்போர்ட்டுக்கு உரியது என்று தேடும்போது, பெயரை எழுத்தாகத்தான் ஒப்பிடுகிறது. கேட்வே இணைப்பில் FACTSRV என்று இருக்கிறது, ரிப்போர்ட் 192.168.10.5 என்று கேட்கிறது. அப்படியொரு இடத்துக்குப் போக கேட்வே எதுவும் இல்லை என்று அது முடிவு செய்துவிடும். நான் முன்பு சொன்ன வாயிற்காவலரிடம் உத்தரவே போய்ச் சேராது. கேட்வே அமைப்பு சார்ந்த கோளாறுகளில் நான் அடிக்கடி பார்ப்பது இதுதான். ஒருவர் சர்வர் பெயரை மட்டும் எழுதியிருப்பார், மற்றவர் அதோடு டொமைன் பெயரையும் சேர்த்து முழுசாக எழுதியிருப்பார். எக்ஸெல் கோப்புகளிலும் இதே கதை. தயாரித்தவர் கம்ப்யூட்டரில் Z: டிரைவ் என்று இருக்கும். கேட்வே ஓடும் சர்வீஸுக்கு Z: என்று ஒன்று கிடையாது, ஏனென்றால் அந்த எழுத்து தயாரித்தவரின் லாகினுக்கு மட்டும் உரியது. அங்கே `\\FACTSRV\Plan` என்று முழுப் பாதையையும் எழுத வேண்டும்.

இப்போது கையில் இரண்டு கோளாறுகள். வரிசையாகச் சரிசெய்தோம். முதலில் கிளவுடின் இணைப்புகள் பக்கத்தில் FACTSRV இணைப்பைத் திறந்து `rpt_reader` பாஸ்வேர்டைப் புதியதாக மாற்றினோம். சேமிக்கும்போது கேட்வே அந்தப் பாஸ்வேர்டோடு உள்ளே போய்ச் சோதித்துப் பார்க்கும். தவறென்றால் அங்கேயே சொல்லிவிடும். அது பச்சையானதும், டெஸ்க்டாப் கோப்பில் மூலத்தின் பெயரை மீண்டும் FACTSRV என்று மாற்றி, பப்ளிஷ் செய்து, அமைப்புப் பக்கத்தில் இந்த ரிப்போர்ட்டுக்கு இந்த இணைப்பு என்று பொருத்தினோம். பிறகு உடனே ரெஃப்ரெஷ் செய்யும் பொத்தானை அழுத்தினோம். இரண்டு நிமிடத்தில் முடிந்தது.

மேலாளர் எழுந்துவிட்டார். நான் உட்காரச் சொன்னேன். இந்த இடத்தில்தான் பலர் வீட்டுக்குக் கிளம்பி, மறுநாள் காலை மீண்டும் பழைய கணக்கைப் பார்த்துத் தலையில் கைவைத்துக்கொள்கிறார்கள். தொடர்ந்து நான்கு முறை தோற்றால், பவர் பிஐ அந்தக் கால அட்டவணையையே நிறுத்திவிடும். அதனால்தான் திங்களும் செவ்வாயும் முயற்சியே நடக்கவில்லை. கோளாறைச் சரிசெய்ததும் அட்டவணை தானாக உயிர்பெற்றுவிடாது. அமைப்புப் பக்கத்தில் போய் அதன் சுவிட்சை நாமே மறுபடி போட வேண்டும். கையால் அழுத்தும் ரெஃப்ரெஷ் அந்தச் சுவிட்சுக்குக் கட்டுப்படாது, அட்டவணை அணைந்திருந்தாலும் அது ஓடும். அது ஓடிவிட்டது என்பதால் காலை ஆறு மணிக்கும் ஓடும் என்று நினைத்துவிடக் கூடாது. இரண்டு மாதம் யாரும் அந்த ரிப்போர்ட்டைத் திறக்காவிட்டாலும் இதேபோல அட்டவணை நின்றுவிடும் என்பதையும் இங்கே சொல்லி வைக்கிறேன். வருடக் கடைசியில் மட்டும் பார்க்கும் ரிப்போர்ட்டுகளில் இது நடக்கும்.

இந்த ஃபேக்டரியில் மூலம் ஒரு டேட்டாபேஸ். பல அலுவலகங்களில் ஷேர்பாயின்ட்டிலோ ஒன்டிரைவிலோ இருக்கும் எக்ஸெல் கோப்புதான் மூலம். அங்கே கேட்வே தேவையில்லை, சாவி வேறு வகை. ஒருவர் தன் அலுவலகக் கணக்கில் சைன்-இன் செய்ததும், அவர் சார்பாகப் பிறகு போய் எடுத்துக்கொள்ள ஒரு அனுமதிச் சீட்டைக் கிளவுடு வைத்துக்கொள்கிறது. அவர் தன் பாஸ்வேர்டை மாற்றினால் அந்தச் சீட்டு செல்லாமல் போகலாம். அப்போது பிழைச் செய்தியில் `AADSTS50173` என்ற எண் இருக்கும். அதே பக்கத்தில் அவரே மறுபடி சைன்-இன் செய்தால் தீர்ந்தது. ஆனால் அந்த ரிப்போர்ட் அவருடைய பாஸ்வேர்டை நம்பியே ஓடிக்கொண்டிருக்கிறது என்பதை அலுவலகத்தில் இன்னொருவராவது தெரிந்து வைத்திருக்க வேண்டும்.

அன்று மாலை கிளம்புவதற்கு முன் மூன்று காரியம் செய்தோம். தோல்வி அறிவிப்பு மேலாளருக்கும் மெர்ச்சண்டைசிங் தலைவருக்கும் போகும்படி முகவரிகளைச் சேர்த்தோம். `rpt_reader` கணக்குக்குப் படிக்கும் உரிமை மட்டும் இருக்கிறதா என்று சரிபார்த்தோம். இருந்தது. தம்பியின் லேப்டாப்பில் திங்களன்று பயன்பட்டது நிர்வாகி பாஸ்வேர்டு, அதை அழிக்கச் சொன்னேன். அவசரத்தில் அந்தப் பாஸ்வேர்டையே கேட்வேயிலும் போட்டு வைக்கும் பழக்கம் எனக்குப் பயத்தைத் தருகிறது. கணக்கைப் படிக்க மட்டும் வேண்டிய ஒன்றுக்கு, மொத்த டேட்டாபேஸையும் அழிக்கக்கூடிய சாவியைக் கொடுத்துவிடுகிறோம்.

மூன்றாவதுதான் மெர்ச்சண்டைசர்கள் கேட்டது. ரிப்போர்ட்டின் தலைப்பில், கணக்கு எந்த நேரத்து நிலவரம் என்று தெரிய வேண்டும். ஒவ்வொரு ரெஃப்ரெஷின்போதும் நேரத்தைப் பதிந்துகொள்ள இந்த ஒரு வரி போதும்:

```
DateTimeZone.SwitchZone(DateTimeZone.UtcNow(), 5, 30)
```

கடைசி இரண்டு எண்களும் இந்திய நேரத்துக்காக. உலகப் பொது நேரத்தை எடுத்து ஐந்தரை மணி நேரம் தள்ளிக் காட்டுகிறது. கணினியின் உள்ளூர் நேரத்தைக் கேட்கும் கட்டளையைப் போட்டால், தயாரிப்பவரின் கம்ப்யூட்டரில் சரியாகவும் கிளவுடில் வேறாகவும் காட்டக்கூடும். அதோடு, பேக்கிங் பதிவேட்டில் கடைசியாக ஏறிய பதிவின் நேரத்தையும் பக்கத்திலேயே போட்டோம். ரெஃப்ரெஷ் ஒழுங்காக நடந்தும் தரையில் யாரும் பதிவு போடாமல் இருந்தால் முதல் நேரம் புதியதாகவும் இரண்டாவது பழையதாகவும் இருக்கும். இரண்டுமே பழையதென்றால் கோளாறு ரெஃப்ரெஷில். வியாழனும் வெள்ளியும் எண்கள் நகரவில்லை என்று இருவர் கவனித்திருந்தார்கள், தரையில் பதிவு போடவில்லை போலிருக்கிறது என்று விட்டுவிட்டார்கள். இந்த இரண்டு நேரங்களும் அப்போதே இருந்திருந்தால் ஞாயிற்றுக்கிழமை இருபது பேர் வந்து நின்றிருக்க வேண்டியதில்லை.

மூன்று மாதம் கழித்து மேலாளர் போன் செய்தார். பாஸ்வேர்டுகளை மறுபடி மாற்றும் தேதி வந்திருந்தது. இந்த முறை சாயங்காலம் ஏழு மணிக்கு, அவரும் தம்பியும் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறார்கள். அவர் சர்வரில் மாற்றியதும், தம்பி கேட்வே இணைப்பில் மாற்றியிருக்கிறார். சோதனை பச்சை. ஒரு முறை கையால் ரெஃப்ரெஷ், பிறகு அட்டவணைச் சுவிட்ச் போட்டபடி இருக்கிறதா என்று ஒரு பார்வை.

“காலைல ஆறு மணிக்குத்தான் முழுசாத் தெரியுமுங்க” என்றார். மறுநாள் ஆறேகாலுக்கு அவரிடமிருந்து ஒரு ஸ்கிரீன்ஷாட் வந்தது. ரிப்போர்ட்டின் தலைப்பில் நேரம் 6:04 என்று இருந்தது.